டவுன் ஜாக்கெட்டா, பாலியஸ்டர் ஜாக்கெட்டா? துவைத்துக் காயவைப்பதை வைத்து ஓர் அலசல்

குளிருக்கு உப்பலான ஜாக்கெட் ஒன்று வாங்கலாம் என்று இறங்கினால் மூன்று வகைகள் எதிரே வரும். முதல் வகை, வாத்து அல்லது கூஸின் மென்மையான டவுன் தூவியை அதிகமாகவும் இறகைக் கொஞ்சமாகவும் சேர்த்து அடைத்தது. இரண்டாவது, இறகே பெரும்பங்காக இருக்கும் மலிவான கலவை. மூன்றாவது, பாலியஸ்டர் இழை அடைத்தது. நான் எடுத்தது முதல் வகை. 90 பங்கு தூவி, 10 பங்கு இறகு. மறுபடி வாங்கினாலும் அதையேதான் எடுப்பேன். எடை குறைவு, சுருட்டினால் சின்னதாகிவிடும் என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. என்னை அந்தப் பக்கம் சாய வைத்தது வேறு: சில வருடங்கள் போட்டு, உப்பல் குறைந்துபோன பிறகு அதை மீட்க முடியுமா, முடியாதா என்ற கேள்வி.

அதற்கு முன், இந்த உப்பல் ஏன் இவ்வளவு முக்கியம் என்று பார்த்துவிடலாம். ஜாக்கெட் தானாகச் சூடு எதையும் உண்டாக்குவதில்லை. உடம்பின் சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். ஆனால் காற்றைச் சும்மா விட்டால் அது சுழலும்; சுழன்றால் சூட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதைச் சுழலவிடாமல் சின்னச் சின்ன இடைவெளிகளில் பிடித்து வைப்பதுதான் உள்ளே இருக்கும் தூவியின் வேலை. பிடித்த காற்றின் அடுக்கு எவ்வளவு தடிமனோ அவ்வளவு கதகதப்பு.

தையல் வழியே சில சமயம் ஒரு தூவி எட்டிப் பார்க்கும். அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து எல்லாத் திசையிலும் மெல்லிய இழைகள், ஒவ்வோர் இழையிலும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கிளைகள். தண்டு கிடையாது. விரலால் நசுக்கிவிட்டு எடுத்தால் மெல்ல எழும்பிப் பழைய உருண்டை வடிவத்துக்கே வந்துவிடும். இறகு அப்படியல்ல. நடுவில் தண்டு, இரண்டு பக்கமும் தட்டையான இழை வரிசை. தட்டையாக இருப்பதால் அதே எடைக்கு அது பிடிக்கும் காற்று குறைவு. போதாததற்குத் தண்டின் முனை துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும். இறகு அதிகமுள்ள கலவையை நான் இங்கேயே விட்டுவிட்டேன். அதைப் பற்றி மேலே சொல்ல அதிகம் இல்லை.

கடையில் இன்னொன்றையும் பெரிதாகக் காட்டுவார்கள்: ஃபில் பவர். ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் தூவி, லேசான எடையின் கீழே எத்தனை கன அங்குல இடத்தை நிரப்புகிறது என்பதுதான் அந்த எண். 600 என்றால் ஏறக்குறைய 10 லிட்டர், 800 என்றால் 13 லிட்டர். எண் பெரிதாக இருந்தாலே அதிகக் கதகதப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 800 தூவி 100 கிராம் போட்டால் மொத்தம் 46 லிட்டர் அளவுக்கு எழும்பும். 600 தூவி 140 கிராம் போட்டால் 48 லிட்டருக்குக் கொஞ்சம் மேலேயே வரும். இரண்டாவது ஜாக்கெட் 40 கிராம் கூடுதல் கனம், ஆனால் உப்பலில் சற்று முந்தியே நிற்கும். ஆகவே எண்ணோடு சேர்த்து, உள்ளே எத்தனை கிராம் அடைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

அந்த எண் சுத்தமான, நன்றாக உலர்ந்த தூவிக்கு உரியது என்பதையும் மறக்கக் கூடாது. போட்டுப் போட்டு, வியர்வையும் தோலின் எண்ணெயும் முகத்தில் தடவும் கிரீமும் துணி வழியே உள்ளே இறங்கும். கழுத்துப் பட்டையிலும் மணிக்கட்டிலும்தான் இது முதலில் தெரியும். எண்ணெய் பட்ட இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விரிய மறுக்கும். அழுக்கு ஈரத்தையும் பிடித்து வைக்கும். தூவி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. ஈரம் ஏறினால் இழையின் விறைப்பு தளர்ந்து தொய்ந்துவிடும். ஜாக்கெட்டை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், கழுத்தருகே தையலால் பிரித்த அறைகளில் தூவி அங்கங்கே திட்டுத் திட்டாகவும் நடுவில் வெறுமையாகவும் தெரியும். இந்த நிலைக்கு வந்த ஜாக்கெட்டைப் பலர் ‘ஆயுசு முடிந்தது’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது வெறும் அழுக்குதான்.

பாலியஸ்டர் இங்கேதான் வேறு வழியில் போகிறது. அந்த இழை தண்ணீரைக் குடிக்காது. நனைந்தாலும் ஓரளவு உப்பலோடு இருக்கும், சீக்கிரம் காயும், துவைப்பதும் சுலபம். மழையும் ஈரப்பனியும் அதிகமுள்ள இடங்களில் இது சாதாரண அனுகூலம் இல்லை. நனைந்த டவுன் ஜாக்கெட் கிட்டத்தட்ட ஒரு மெல்லிய ஈரத்துணிதான். தண்ணீர், அசையாத காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆனால் பாலியஸ்டர் உப்பலை இழக்கும் காரணம் அழுக்கு மட்டும் இல்லை. பையில் திணித்து எடுக்க எடுக்க இழைகள் மடிந்து, முறிந்து, தட்டையாகிவிடும். அதைத் துவைத்தால் சுத்தமாகும், எழும்பாது. டவுனில் போன உப்பலின் பெரும்பகுதி சரியாகத் துவைத்து உலர்த்தினால் திரும்பி வரும். என் முடிவு இந்த ஒரு வேறுபாட்டில்தான் நிற்கிறது.

‘சரியாக’ என்பதில் என்ன அடங்கும்? துவைப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜிப்களைப் பூட்டிவிடுங்கள். முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷினில், மென்மையான சுழற்சியில், 30 டிகிரி தண்ணீரில் போடுங்கள். நடுவில் தண்டு நட்டுக்கொண்டிருக்கும் மெஷின் வேண்டாம். அது உள் தையலை இழுத்துக் கிழித்துவிடும். வழக்கமான சலவைத்தூள் பலவற்றில் புரதக் கறையைக் கரைக்கும் நொதி இருக்கும், தூவியும் புரதம்தானே. தூவியில் இயற்கையாக உள்ள சொற்ப எண்ணெயையும் கடுமையான தூள் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் டவுனுக்கென்றே விற்கும் திரவ சோப்பு, அதுவும் குறைந்த அளவில். துணி மென்மையாக்கும் திரவம் அறவே கூடாது. அது இழைகளின் மேல் படிந்து உப்பலைக் கெடுக்கும். அலசுவதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள், ஏனென்றால் மிச்சம் நிற்கும் சோப்பும் இழைகளை ஒட்டவைக்கும். வெளியே எடுக்கும்போது தோள்பட்டையைப் பிடித்துத் தூக்காமல், அடியில் இரண்டு கையும் கொடுத்து மொத்தமாக ஏந்துங்கள். தண்ணீர் குடித்த தூவியின் கனத்தில் உள் தடுப்புகள் பிய்ந்துவிடும்.

அந்த நிலையில் ஜாக்கெட்டைப் பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஒவ்வோர் அறையிலும் ஒரு மூலையில் நனைந்த சிறு உருண்டை, மீதியெல்லாம் இரண்டு துணி ஒட்டிய வெறும் இடம். பயப்பட வேண்டாம். இழைகளுக்கு நடுவே நிற்கும் தண்ணீர் தன் பரப்பு இழுவிசையால் அவற்றை ஒன்றாக இழுத்துக் கட்டி வைத்திருக்கிறது. ஈரத்தில் தொய்ந்த இழைக்கு அந்த இழுவையை எதிர்க்கத் தெம்பு இல்லை. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. அப்படியே கொடியில் போட்டுக் காயவிட்டால், கட்டிய உருண்டை கட்டியபடியே காயும். வெளிப்பக்கம் உலர்ந்து, நடுவில் ஈரம் நாள்கணக்கில் நிற்கும். முடை நாற்றமும் பூஞ்சையும் பின்னாலேயே வரும். ஆகவே தண்ணீர் போகப் போக யாராவது இழைகளைப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த ‘யாராவது’தான் டிரையரும் இரண்டு மூன்று சுத்தமான டென்னிஸ் பந்துகளும். குறைந்த சூட்டில் வைத்துச் சுற்றவிட்டால் பந்துகள் உருண்டைகளைத் தட்டித் தட்டி உடைக்கும். அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி, விரலுக்குத் தட்டுப்படும் கட்டிகளைத் துணியின் மேலிருந்தே மெல்லப் பிய்த்துவிட வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் மெல்லிய நைலான் துணி உருகலாம், தூவியும் மொறுமொறுவென்று உடையத் தொடங்கும். முதல் ஒரு மணி நேரம் எதுவும் நடக்காத மாதிரிதான் இருக்கும். அப்புறம் திடீரென்று அறைகள் எழும்ப ஆரம்பிக்கும். மொத்தம் மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கலாம். தடித்த ஜாக்கெட் என்றால் இன்னும் கூடும்.

பலர் நிறுத்துவது இந்த இடத்தில்தான், அதுவும் சீக்கிரமாக. துணி முதலில் காய்ந்துவிடுவதால் தொட்டால் உலர்ந்த மாதிரியே இருக்கும். உள்ளே காய்ந்ததா என்று அறிய நான் நம்புவது சமையலறைத் தராசை. துவைக்கும் முன் ஜாக்கெட்டை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அப்போது 420 கிராம் இருந்து, டிரையரிலிருந்து எடுக்கும்போது 450 காட்டினால் 30 கிராம் தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம், திரும்பப் போடுங்கள். 420 அல்லது அதற்கு இரண்டு மூன்று கிராம் கீழே வந்தால் காய்ந்துவிட்டது. தராசு இல்லையென்றால் விளக்குக்கு எதிரே பிடித்து நிழல் திட்டுகளைத் தேடுங்கள், மூக்கருகே வைத்து மோந்து பாருங்கள். ஈரம் மிச்சமிருந்தால் நனைந்த நாயின் வாடை லேசாக வரும். டிரையர் சூட்டில் அளந்தது ஏமாற்றலாம் என்பதால், ஒரு ராத்திரி விரித்து வைத்து மறுநாள் மறுபடி தடவிப் பார்ப்பது நல்லது.

டிரையர் இல்லாதவர்கள் டவுன் வாங்கவே கூடாதா? முடியாது என்று சொல்ல மாட்டேன். துண்டில் சுருட்டி அழுத்தித் தண்ணீரை எடுத்து, காற்றோட்டமான இடத்தில் தட்டையாக விரித்து, மணிக்கு ஒருமுறை திருப்பி உதறி, ஒவ்வோர் அறையாகக் கையால் பிரித்துவிட வேண்டும். வறண்ட காற்றில் இரண்டு மூன்று நாளில் முடியலாம். காற்றிலேயே ஈரம் நிற்கும் பருவத்தில் இதில் இறங்காதீர்கள். டிரையரும் இல்லை, ஊரும் ஈரமானது என்றால் பாலியஸ்டரே எடுங்கள். அங்கே என் வாதம் செல்லாது. தண்ணீர் ஒட்டாதபடி பூச்சு கொடுத்த தூவியும் இப்போது கிடைக்கிறது. அதை நான் நீண்ட நாள் போட்டுப் பார்த்ததில்லை, அதனால் இந்தத் தராசில் அதை ஏற்றவில்லை.

வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் துவைக்கவும் தேவையில்லை. கழுத்துப் பட்டை மட்டும் அழுக்கென்றால், அந்த அறைகளில் உள்ள தூவியை விரலால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, துணியை மட்டும் ஈரப் பஞ்சால் சோப்புத் தொட்டுத் துடைத்தால் போதும். சீசன் முடிந்ததும் பையில் அமுக்கி வைக்காமல் தொங்கவிடுங்கள். அடுத்த குளிருக்கு எடுக்கும்போது சப்பையாகத் தெரிந்தால் உடனே துவைக்கப் போக வேண்டாம். முதலில் பந்துகளோடு குறைந்த சூட்டில் இருபது நிமிடம் டிரையரில் விட்டுப் பாருங்கள். காற்றின் ஈரத்தால் தொய்ந்ததென்றால் அதிலேயே எழும்பிவிடும், எழும்பாவிட்டால்தான் அழுக்கு.