மேட்ச்டு பெட்டிங்: சில வருட அனுபவமும், புக்மேக்கர்கள் கணக்கை முடக்கும் காரணமும்

முதலிலேயே ஒன்று. நான் எழுதுவது பிரிட்டனில் நடப்பது. இங்கே பந்தயம் உரிமம் பெற்ற தொழில், ஜெயித்த பணத்துக்கு வரி கிடையாது. இந்தியாவில் 2025 சட்டத்துக்குப் பிறகு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை இருக்கிறது, அதனால் அங்கிருந்து இதை முயல வழி தேட வேண்டாம்.

மேட்ச்டு பெட்டிங்கில் யார் ஜெயிப்பார்கள் என்று ஊகிக்கும் வேலையே இல்லை. பந்தயம் ஏற்கும் நிறுவனமான புக்மேக்கரிடம் ஒரு அணி ஜெயிக்கும் என்று கட்டுகிறீர்கள், அதற்கு பேக் என்று பெயர். அதே நேரத்தில் பெட்டிங் எக்ஸ்சேஞ்சில் அதே அணி ஜெயிக்காது என்று கட்டுகிறீர்கள், இது லே. எக்ஸ்சேஞ்ச் என்பது ஆட்கள் ஒருவருக்கொருவர் பந்தயம் கட்டும் சந்தை. 2000-இல் வந்த பெட்ஃபேர்தான் இதைப் பரவலாக்கியது. நடத்துபவர்களுக்கு யார் ஜெயித்தாலும் கவலை இல்லை, ஜெயித்தவரிடம் கமிஷன் மட்டும் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் கட்டிவிட்டதால் முடிவு எதுவானாலும் கிட்டத்தட்ட சமம், சில பென்ஸ் போகும். அந்தச் சில பென்ஸைக் கொடுத்து, புக்மேக்கர் சலுகையாகத் தரும் இலவசப் பந்தயமான ஃப்ரீ பெட்டை வாங்குகிறோம், அவ்வளவுதான்.

கணக்காகப் பார்ப்போம். '10 பவுண்ட் கட்டினால் 30 பவுண்ட் ஃப்ரீ பெட்' என்ற சலுகை இங்கே சர்வசாதாரணம். ஆட்ஸ் என்பது, ஜெயித்தால் கட்டிய பணத்தையும் சேர்த்து எத்தனை மடங்கு திரும்ப வரும் என்ற எண். புக்மேக்கரிடம் 3.00 ஆட்ஸில் 10 பவுண்ட் கட்டுகிறேன், எக்ஸ்சேஞ்சில் லே ஆட்ஸ் 3.05, கமிஷன் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லே செய்ய வேண்டிய தொகைக்குச் சூத்திரம் இது:

பேக் தொகை × பேக் ஆட்ஸ் ÷ (லே ஆட்ஸ் − கமிஷன்)

அதாவது 30 ÷ 3.03 = 9.90 பவுண்ட். அணி ஜெயித்தால் புக்மேக்கரிடம் 20 வரும், எக்ஸ்சேஞ்சில் எதிர்ப்பக்கம் கட்டியவருக்கு 9.90-இன் 2.05 மடங்கு, அதாவது 20.30 போகும். ஜெயிக்காவிட்டால் இங்கே 10 போகும், அங்கே கமிஷன் போக 9.70 வரும். எப்படியும் 30 பென்ஸ் நஷ்டம்.

இப்போது கையில் 30 பவுண்ட் ஃப்ரீ பெட். இதில் ஜெயித்தால் லாபம் மட்டும்தான் வரும், கட்டிய தொகை திரும்ப வராது. அதனால்தான் பெரிய ஆட்ஸில் போட வேண்டும். 6.00-இல் கட்டி 6.20-இல் லே செய்தால், சூத்திரத்தில் பேக் ஆட்ஸில் ஒன்றைக் குறைத்து 5 என்று போட வேண்டும், லே தொகை 24.27, எந்த முடிவுக்கும் சுமார் 23.80 பவுண்ட் நிற்கும். அதையே 2.00-இல் கட்டி 2.04-இல் லே செய்தால் பதினாலரை பவுண்ட்தான் தேறும். ஆனால் பெரிய ஆட்ஸுக்கு எக்ஸ்சேஞ்சில் முன்பணம் நிறைய வேண்டும். மேலே சொன்ன 6.20 லே தோற்றால் கொடுக்க வேண்டிய 126 பவுண்ட் அங்கே முடங்கிக் கிடக்கும். புதிதாக வருபவர்கள் திணறுவது இங்கேதான். இதைத் தவிர, இரண்டாவது பக்கம் கட்டுவதற்குள் ஆட்ஸ் நகர்ந்துவிடும். டென்னிஸில் வீரர் பாதியில் விலகினால் புக்மேக்கருக்கு ஒரு விதி, எக்ஸ்சேஞ்சுக்கு வேறு விதி. அதனால் நான் டென்னிஸ் பக்கமே போவதில்லை.

புதுக் கணக்குச் சலுகைகள் தீர்ந்த பிறகுதான் நிஜமான அனுபவம் தொடங்குகிறது. வாரம் 25 பவுண்ட் கட்டினால் 5 பவுண்ட் ஃப்ரீ பெட் மாதிரி சின்னச் சலுகைகள், அப்புறம் 'இரண்டு கோல் முன்னிலை' சலுகை. நீங்கள் கட்டிய அணி இரண்டு கோல் முன்னே போய்விட்டால், பிறகு என்ன ஆனாலும் ஜெயித்ததாகவே பணம் தந்துவிடுவார்கள். 2024 நவம்பர் 26 அன்று மான்செஸ்டர் சிட்டி ஃபெயனூர்டுக்கு எதிராக 3-0 என்று இருந்து, கடைசி கால்மணி நேரத்தில் 3-3 ஆனது. அந்த மாதிரி ஆட்டத்தில் முன்னணி அணியின் மேல் 1.30-இல் 50 பவுண்ட் பேக் செய்து 1.31-இல் 50.39 லே செய்தவருக்கு புக்மேக்கரிடம் 15, எக்ஸ்சேஞ்சில் 49.38, ஆக 64 பவுண்டுக்கு மேல் வரும். மற்ற நாட்களில் 62 பென்ஸ் போகும். நூறு முறை கட்டி ஒரே ஒரு முறை இப்படி நடந்தாலே முதல் தேறிவிடும்.

சரி, புக்மேக்கர் ஏன் இதைப் பொறுத்துக்கொள்வதில்லை? 'ஜெயிக்கிறவனை விரட்டுகிறார்கள்' என்று பலர் சொல்வார்கள், எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. ஒரு ஆட்டத்துக்கு 2.00, 3.50, 3.80 என்று ஆட்ஸ் கொடுத்தால், 100-ஐ ஒவ்வொன்றாலும் வகுத்து, மூன்றையும் வாய்ப்பு சதவீதமாக மாற்றிக் கூட்டும்போது 105 வருகிறது. அந்த 5-தான் புக்மேக்கரின் லாப விளிம்பு. மனதுக்குப் பிடித்த அணியின் மேல் 10 பவுண்ட் கட்டும் சாதாரண ஆளிடமிருந்து சராசரியாக 47 பென்ஸ் நிற்கும். அவர் ஃப்ரீ பெட்டையும் ஐந்தாறு ஆட்டங்களைச் சேர்த்த அக்யூமுலேட்டரில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். சலுகை என்பது அந்த ஆளைப் பழக்கப்படுத்தச் செலவழிக்கும் விளம்பரப் பணம். நாமோ, புக்மேக்கரின் ஆட்ஸ் எக்ஸ்சேஞ்ச் ஆட்ஸை எங்கே ஒட்டி நிற்கிறதோ அங்கே மட்டும் கட்டுகிறோம். அதாவது விளிம்பு ஏறக்குறைய பூஜ்யமாக இருக்கும் இடத்தில். அதற்கு மேல் சலுகையையும் எடுத்துக்கொள்கிறோம். அவர்கள் புத்தகத்தில் இப்படிப்பட்ட கணக்கு நிச்சயச் செலவு.

அதைக் கண்டுபிடிக்க நீங்கள் ஜெயித்தீர்களா என்றே பார்க்க வேண்டியதில்லை. ஆட்டம் தொடங்கும்போது இருந்த கடைசி ஆட்ஸோடு நீங்கள் எடுத்த ஆட்ஸை ஒப்பிட்டாலே போதும். எப்போதும் அதற்குச் சமமாகவோ மேலாகவோ எடுத்திருந்தால், உங்களுக்குக் கால்பந்து பற்றி ஒன்றுமே தெரியாவிட்டாலும் விவரமான ஆள் என்று பதிவாகும். புக்மேக்கரில் தோற்றுக்கொண்டே இருந்தபோதுதான் (லாபம் முழுவதும் எக்ஸ்சேஞ்ச் பக்கம் விழுந்த காலம்) என்னுடைய ஒரு கணக்கை முடக்கினார்கள். இதனால்தான் சந்தேகம் வராமல் இருக்க நடுநடுவே சும்மா பந்தயம் கட்டச் சொல்லும் அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவர்கள் அளப்பது நீங்கள் எடுக்கும் ஆட்ஸை. அந்தச் சும்மா பந்தயத்தையும் நல்ல ஆட்ஸ் பார்த்தே கட்டினால் ஒன்றும் மாறாது, மோசமான ஆட்ஸில் கட்டினால் நிஜப் பணம் போகும்.

முடக்கம் இரண்டு மாதிரி வரும். ஒன்று, 'இனி சலுகைகளுக்குத் தகுதி இல்லை' என்று ஒற்றை வரி மின்னஞ்சல், 'வணிக முடிவு' என்பதற்கு மேல் விளக்கம் கிடைக்காது. இன்னொன்று சத்தமில்லாமல் வரும்: 20 பவுண்ட் கட்டப் போனால் திரை அதிகபட்சம் 1 பவுண்ட் சொச்சம் என்று காட்டும். புகார் செய்து பயனில்லை. 2005 சூதாட்டச் சட்டப்படி ஏற்றுக்கொண்ட பந்தயம் ஒப்பந்தம்தான், ஆனால் அடுத்த பந்தயத்தை ஏற்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2014 முதல் குதிரைப் பந்தயத்துக்குக் குறைந்தபட்சத் தொகையை ஏற்றே ஆக வேண்டும் என்ற விதி உண்டு, பிரிட்டனில் அப்படி எதுவும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், முடக்கிய பிறகும் கேசினோ ஸ்பின் சலுகை மட்டும் எனக்கு வந்துகொண்டே இருந்தது. அங்கே லே செய்ய எக்ஸ்சேஞ்ச் கிடையாதே.

கணக்கு போனதும் மனைவி பெயரில், தம்பி பெயரில் திறக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அடுத்தவர் பெயரில் நீங்கள் ஆடினால் விதிமீறல், அடையாளச் சரிபார்ப்பில் சிக்கினால் உள்ளே இருக்கும் பணத்தையே நிறுத்திவைப்பார்கள். முடக்கப்பட்ட உங்கள் சொந்தக் கணக்கில் இருக்கும் இருப்பை எடுப்பதற்குப் பொதுவாகத் தடை இருக்காது. எடுத்துவிட்டு, அந்தக் கேசினோ மின்னஞ்சல்களையும் நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.