சுடுநீரில் ஐஸ்: விடை மைனஸில் வந்தால் எந்த வழி கைகொடுக்கும்?

50 டிகிரி சூட்டில் 200 கிராம் தண்ணீர். அதில் 200 கிராம் ஐஸைப் போடுகிறோம். ஐஸ் மைனஸ் 10 டிகிரியில் இருந்தது. பாத்திரம் வெப்பத்தை வாங்கவில்லை, வெளியே எதுவும் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். கலக்கி ஓய்ந்த பிறகு வெப்பநிலை என்ன?

நான் திருத்திய தாள்களில் இந்த மாதிரிக் கணக்குக்கு அடிக்கடி பார்த்த விடை மைனஸ் 17.5 டிகிரி. அதாவது மைனஸ் 10-ல் இருந்த ஐஸ், சுடுநீரில் விழுந்ததும் இன்னும் குளிர்ந்துவிட்டது! கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இருக்காது. வழிதான் தவறு. இதே கணக்கைப் போட மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் இதே எண்களில் ஓட்டிப் பார்த்தால் எது எங்கே உதவும், எங்கே காலை வாரும் என்பது தெரிந்துவிடும்.

கையில் இருக்க வேண்டிய எண்கள் மூன்றுதான். ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி ஏற 1 கலோரி, ஒரு கிராம் ஐஸ் ஒரு டிகிரி ஏற 0.5 கலோரி. இவை தன் வெப்ப ஏற்புத்திறன்கள். 0 டிகிரி ஐஸ் ஒரு கிராம் 0 டிகிரி தண்ணீராக 80 கலோரி; இது உருகுதலின் உள்ளுறை வெப்பம். ஜூலில் போட விரும்புகிறவர்கள் 4.2, 2.1, 334 என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்குக்குக் கலோரிதான் சுகம், தண்ணீரின் எண் 1 ஆகிவிடுவதால்.

முதல் வழி: ஒரே சமன்பாடு

பாடப்புத்தகத்தில் முதலில் வருவது இதுதான். சூடான பொருள் இழந்த வெப்பம், குளிர்ந்த பொருள் பெற்ற வெப்பம் இரண்டும் சமம். கடைசி வெப்பநிலையை T என்று வைத்து ஒரே மூச்சில் எழுதிவிடுவோம்:

```
200(50 − T) = 200×0.5×10 + 200×80 + 200×T
10000 − 17000 = 400 T
T = −17.5
```

எங்கே சறுக்கியது? வலது பக்கத்து நடு உறுப்பைப் பாருங்கள். 200×80 என்று எழுதிய அந்த நொடியே, ஐஸ் முழுவதும் உருகிவிட்டது என்று சத்தியம் செய்துவிட்டோம். யாரும் கேட்காத சத்தியம் அது. தண்ணீர் 0 டிகிரி வரை இறங்கினாலும் அதனால் தர முடிந்தது 10000 கலோரிதான். மைனஸ் 10-லிருந்து ஏறி ஐஸ் முழுதாய் உருக வேண்டியதோ 17000. கையில் இல்லாததைச் செலவழித்ததாக எழுதினால் சமன்பாடு அதற்கேற்ற ஒரு T-யைக் கொடுக்கத்தான் செய்யும். அதற்கு இயற்பியல் தெரியாது.

தண்ணீர் தாராளமாகவும் ஐஸ் கொஞ்சமாகவும் இருந்தால் இந்த வழியை மிஞ்ச ஆள் இல்லை. 60 டிகிரித் தண்ணீர் 300 கிராம், 0 டிகிரி ஐஸ் 100 கிராம் என்றால் இரண்டே வரியில் 25 டிகிரி வந்துவிடும், அது சரியும்கூட. ஆனால் இரண்டில் எந்த நிலைமை என்பது கணக்கைப் பார்த்ததும் எப்போதும் தெரியாது. அதுதான் இதன் பலவீனம்.

இரண்டாம் வழி: படிப்படியாகச் செலவழிப்பது

கையில் 10000 கலோரி இருக்கிறது. செலவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதல் செலவு, ஐஸை மைனஸ் 10-லிருந்து 0-க்குக் கொண்டுவருவது: 200×0.5×10 = 1000 கலோரி. மிச்சம் 9000. அடுத்தது உருக்குவது. முழுதாய் உருக 16000 வேண்டும், கையில் 9000 மட்டுமே. ஆக 9000-ஐ 80-ஆல் வகுத்தால் 112.5 கிராம் உருகும், அத்தோடு கை காலி. மீதி 87.5 கிராம் ஐஸ் அப்படியே மிதக்கும். கடைசி வெப்பநிலை 0 டிகிரி.

புதிதாகப் படிப்பவருக்கு நான் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். ஒவ்வொரு வரியிலும் பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்பது கண்ணில் தெரிகிறது. ஐஸும் தண்ணீரும் சேர்ந்திருக்கும்வரை வெப்பநிலை 0-ஐ விட்டு நகராது என்பதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, கணக்கே சொல்லிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும். இந்த வரிசை உள்ளே அப்படியே நடக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. நிஜத்தில் ஐஸின் மேல்தோல் உருகிக்கொண்டிருக்கும்போது அதன் நடுப்பகுதி மைனஸிலேயே இருக்கும். கடைசி நிலைக்கு மட்டும்தான் இந்தக் கணக்குப் பொறுப்பு, நடுவழிக்கு இல்லை. எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் இது சொல்லாது.

இந்த வழி திணறும் இடம் வேறு. மைனஸ் 20 டிகிரி ஐஸ் 500 கிராம், அதன்மேல் 10 டிகிரித் தண்ணீர் 20 கிராம் ஊற்றினால்? தண்ணீர் 0-க்கு இறங்கித் தருவது 200 கலோரி. ஐஸ் 0-க்கு ஏற வேண்டியதோ 5000. ஐஸை உருக்குவதற்கு முன்பே கை காலி. இப்போது கதையைத் திருப்ப வேண்டும். தண்ணீர்தான் உறையப்போகிறது, உறையும்போது 80 கலோரி வீதம் அதுவே வெப்பத்தைக் கொடுக்கும். யார் கொடுப்பவர், யார் வாங்குபவர் என்பது நடுவில் குழம்பும்போது தாளில் அடித்தல் திருத்தல் கூடிவிடுகிறது.

மூன்றாம் வழி: 0 டிகிரித் தண்ணீரைப் பூஜ்யமாக வைப்பது

எனக்குப் பிடித்தது இது. கொடுப்பவர் வாங்குபவர் பேச்சே இல்லை. 0 டிகிரித் தண்ணீரைக் கடனும் இல்லாத, கையிருப்பும் இல்லாத ஆளாக வைத்துக்கொள்கிறோம். அதைவிடச் சூடான தண்ணீருக்குக் கையிருப்பு உண்டு, ஐஸுக்குக் கடன் உண்டு. 0 டிகிரி ஐஸ் ஒரு கிராமுக்கு 80 கலோரி கடன். மைனஸ் 10 டிகிரி ஐஸுக்கு இன்னும் 5 சேர்த்து 85. எல்லாவற்றையும் கூட்டினால் மொத்த நிலவரம் வந்துவிடும்.

நம் கணக்கில் தண்ணீரின் கையிருப்பு 200×50 = 10000. ஐஸின் கடன் 200×85 = 17000. கூட்டினால் 7000 கடன். மொத்த எடை 400 கிராம்.

இப்போது ஒரே ஒரு கேள்வி. மொத்தம் கையிருப்பாக இருந்தால் எல்லாம் தண்ணீர்; எடையால் வகுத்தால் வெப்பநிலை. கடனாக இருந்தால், அது 400 கிராமும் 0 டிகிரி ஐஸாக இருக்கும்போது வரும் கடனைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அது 400×80 = 32000. நம்முடையது 7000 மட்டுமே. தாண்டவில்லை. ஆக 0 டிகிரியில் ஐஸும் தண்ணீரும் கலந்து நிற்கும். அந்தக் கடனைச் சுமப்பது மிச்சமுள்ள ஐஸ்தான்: 7000-ஐ 80-ஆல் வகுத்தால் 87.5 கிராம். இரண்டாம் வழியில் வந்த அதே எண், ஒரே வகுத்தலில்.

முதல் வழியின் மைனஸ் 17.5-ஐ இப்போது மறுபடி பாருங்கள். அதை மொத்த எடையான 400-ஆல் பெருக்கினால் மைனஸ் 7000. அதே கடன்! அந்த விடை வெறும் குப்பை இல்லை. வெப்பநிலை என்று தப்பாகப் பெயர் சூட்டப்பட்ட கடன். தேர்வில் நேரம் இல்லாமல் முதல் வழியிலேயே போய் மைனஸ் வந்துவிட்டால் தாளைக் கிழிக்க வேண்டியதில்லை. மொத்த எடையால் பெருக்கி 80-ஆல் வகுத்தால் உருகாமல் நிற்கும் ஐஸின் எடை கைக்கு வந்துவிடும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: மைனஸ் 80 வரைதான் இது செல்லும். அதற்கும் கீழே போனால் எல்லாமே உறைந்துவிட்டது என்று பொருள்.

இரண்டாம் வழியைத் திணறடித்த கணக்கை இங்கே ஓட்டுவோம். தண்ணீரின் கையிருப்பு 200. ஐஸின் கடன் 500×90 = 45000. மொத்தக் கடன் 44800. எடை 520 கிராம், எல்லாம் 0 டிகிரி ஐஸ் என்றால் கடன் 41600. தாண்டிவிட்டது, ஆகவே எல்லாம் ஐஸ். அதிகப்படியான 3200-ஐ 520×0.5, அதாவது 260-ஆல் வகுத்தால் 12.3. விடை மைனஸ் 12.3 டிகிரி. இந்த முறை மைனஸ் விடை நியாயமானது, மைனஸ் 20-க்கும் 10-க்கும் நடுவில்தான் இருக்கிறது.

இதன் குறை, படம் கண்ணில் தெரியாதது. பூஜ்யம் ஏன் அங்கே என்று புரியாமல் சூத்திரமாகப் பிடித்துக்கொண்டவர்கள் ஐஸின் கடனில் 80-ஐச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். இரண்டாம் வழியில் நாலு கணக்குப் போட்ட பிறகு இதற்கு வந்தால் அந்தத் தொல்லை இருக்காது. உப்பு கலந்த தண்ணீரில் மூன்றுமே இப்படியே ஓடாது. உருகும் புள்ளியே 0-ஐ விட்டு இறங்கிவிடும்.

ஆய்வகத்தில் மட்டும் முதல் வழி

மூன்றாம் வழிக்கு இவ்வளவு பரிந்து பேசினாலும், உள்ளுறை வெப்பத்தை அளந்து கண்டுபிடிக்க வேண்டும் என்றால் முதல் வழிதான் சரி. அங்கே அந்தச் சத்தியம் பொய்யாகாது. ஐஸ் முழுதும் உருகியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வெப்பமானியைப் படிக்கிறோம். T தெரியும், தெரியாதது 80 மட்டும். 1760-களில் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜோசப் பிளாக் செய்ததும் இதைத்தான். 190 பாரன்ஹீட் டிகிரிச் சுடுநீரில் அதைவிடச் சற்றுக் குறைந்த எடையுள்ள ஐஸைப் போட்டார். எல்லாம் உருகி 53 டிகிரியில் நின்றது. கண்ணாடிப் பாத்திரத்தின் பங்கையும் சேர்த்துக் கணக்குப் போட்டு அவர் எடுத்த எண் 143 பாரன்ஹீட் டிகிரி; அதாவது ஐஸை உருக்கும் வெப்பம் அதே எடைத் தண்ணீரை அவ்வளவு டிகிரி ஏற்றும். நம் அளவில் அது 79-க்குச் சற்று மேல்.

இன்றைக்கு அதே சோதனையில் பலருக்கு 72, 73 என்று வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஈர ஐஸ். 40 டிகிரித் தண்ணீர் 200 கிராம், கலோரிமீட்டர் என்ற சோதனைப் பாத்திரம் வெப்பத்தைக் கொடுப்பதில் 10 கிராம் தண்ணீருக்குச் சமம், ஐஸ் 50 கிராம் என்று எடுப்போம். ஐஸ் உலர்ந்திருந்தால் வெப்பமானி 17 டிகிரிக்கு அருகில் நிற்கும். 50 கிராமில் 5 கிராம் ஏற்கெனவே உருகி ஒட்டிக்கொண்டிருந்த தண்ணீராக இருந்தால் 18.5 காட்டும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் கிடைப்பது 72. ஒன்றரை டிகிரி வித்தியாசம் விடையில் பத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. உறிஞ்சுதாளில் ஒற்றி, விரலால் தொடாமல் உடனே போடுவது இதற்காகத்தான்.

தொடக்கத்தில் 40 டிகிரி எடுத்ததிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அறை 28 டிகிரி என்றால் சோதனை அதற்கு 12 டிகிரி மேலே தொடங்கி 11 டிகிரி கீழே முடிகிறது. முதல் பாதியில் வெளியே கசிந்ததைப் பின்பாதி ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். இன்னும் கீழே இறக்கலாமே என்று ஐஸை அதிகம் போட்டால் கலோரிமீட்டரின் வெளிப்புறத்தில் பனித்துளி பூக்கும். அந்த ஈரம் படியும்போது தன் பங்குக்கு வெப்பத்தை உள்ளே தள்ளும், எண் மறுபடியும் 80-க்குக் கீழே சரியும்.