1,200 சதுர அடி விளம்பரமும் 1,100 சதுர அடி விளம்பரமும்: எது பெரிய வீடு?

மேடவாக்கம் பக்கம் இரண்டு டபுள் பெட்ரூம் பிளாட் விளம்பரத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 1,200 சதுர அடி, சதுர அடி 6,500 ரூபாய், மொத்தம் 78 லட்சம். இரண்டாவது 1,100 சதுர அடி, சதுர அடி 7,000 ரூபாய், மொத்தம் 77 லட்சம். ஒரு லட்சம் கூடப் போட்டால் 100 சதுர அடி அதிகம் கிடைக்கிறதே என்று முதல் வீட்டுக்குத்தான் கை போகும். ஆனால் இரண்டுமே பொது இடங்களின் பங்கையும் சேர்த்துச் சொல்லும் சூப்பர் பில்ட்-அப் கணக்கு. வீட்டுக்குள் எவ்வளவு இடம் என்று அது சொல்லவே சொல்லாது.

முதல் வீட்டின் 1,200-ஐப் பிரித்துப் பாருங்கள். வீட்டுக்குள் நீங்கள் புழங்கும் இடமான கார்பெட் ஏரியா 830. பால்கனி 50, வெளிச்சுவர் 80 சேர்த்தால் 960, அதுதான் பில்ட்-அப், சென்னை புரோக்கர்கள் பிளிந்த் ஏரியா என்பார்கள். மீதி 240 சதுர அடி, மாடிப்படி, லிப்ட், வராந்தா, கிளப் ஹவுஸ், ஜிம் எல்லாவற்றிலும் உங்கள் தலையில் விழுந்த பங்கு. இரண்டாவது வீடு ஜிம் எதுவும் இல்லாத கட்டடம். கார்பெட் 840, பால்கனியும் வெளிச்சுவரும் 125, பொதுப் பங்கு வெறும் 135. அதாவது விளம்பரத்தில் 100 சதுர அடி சின்னதாகத் தெரிந்த வீடு உள்ளே 10 சதுர அடி பெரியது, விலையும் ஒரு லட்சம் குறைவு. கார்பெட் கணக்கில் முதல் வீடு சதுர அடி சுமார் 9,400 ரூபாய், இரண்டாவது சுமார் 9,170.

"காமன் ஏரியா 20 சதவீதம்தான் சார்" என்று முதல் வீட்டுக்காரர் சொன்னால் அது பொய் இல்லை, 1,200-இல் 240 என்பது 20 சதவீதம்தான். அதே 240-ஐ பில்ட்-அப் 960-க்கு மேல் வைத்தால் 25 சதவீதம். கார்பெட்டிலிருந்து 1,200 வரை பார்த்தால் ஏறத்தாழ 45 சதவீதம் ஏற்றம். அதனால் யாராவது சதவீதம் சொன்னால், எதன் மேல் சதவீதம் என்று உடனே கேளுங்கள்.

இந்த மூன்று அளவுகளில் சட்டம் கையில் எடுத்துக்கொண்டது கார்பெட் ஏரியாவை. 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா அதற்கு விளக்கம் கொடுத்திருக்கிறது: வெளிச்சுவர், டக்ட், உங்களுக்கு மட்டுமான பால்கனி, தனி மொட்டை மாடி எதுவும் சேராது, வீட்டுக்குள் அறைகளைப் பிரிக்கும் சுவர் மட்டும் சேரும். சூப்பர் பில்ட்-அப்புக்கு அந்தச் சட்டத்தில் விளக்கமே கிடையாது, எதைச் சேர்ப்பது என்பது பில்டர் இஷ்டம். அதனால் இரண்டு பில்டர்களின் சூப்பர் பில்ட்-அப்பை அருகருகே வைப்பதே தப்பு என்பேன்.

உள்சுவர் சேரும் என்பதை மறந்துவிட்டு டேப் வைத்து அளந்தால் பதறிப்போவீர்கள். நாலரை அங்குலச் சுவர் வீட்டுக்குள் மொத்தம் 100 அடி நீளம் ஓடினால் அதுவே 37 சதுர அடிக்கு மேல். ஆகவே 830 என்ற வீட்டில் அறை அறையாக அளந்து கூட்டினால் 790 வருவது சரிதான். பிளானில் பூச்சு இல்லாமல் செங்கல் அளவு போட்டிருந்தால், 10 அடி அறை பூசியபின் ஓர் அங்குலம் போலக் குறையும். ஆனால் கூட்டல் 750-க்கு வந்தால் அது சுவர்க் கணக்கில் அடங்காது. பால்கனியைக் கார்பெட்டில் சேர்த்துவிட்டார்களா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் விஷயம் இருக்கும்.

அப்புறம், பில்ட்-அப்பும் சூப்பர் பில்ட்-அப்பும் தேவையே இல்லையா என்றால், அப்படி இல்லை. சென்னை மாநகராட்சி சொத்து வரி பிளிந்த் ஏரியாவை வைத்துப் போடப்படுகிறது. மாதப் பராமரிப்புக் கட்டணத்தைப் பல இடங்களில் சூப்பர் பில்ட்-அப் மேல்தான் வாங்குகிறார்கள். சதுர அடிக்கு மூன்றரை ரூபாய் என்றால் முதல் வீட்டுக்கு 4,200, இரண்டாவதற்கு 3,850. ஜிம்முக்குப் போகிறீர்களோ இல்லையோ, அந்த 350 ரூபாய் மாதா மாதம் போகும். குழந்தைகள் கிளப் ஹவுஸைத் தினமும் பயன்படுத்துவார்கள் என்றால் முதல் வீடு நியாயமான தேர்வுதான், அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று தெரிந்து கொடுங்கள், அவ்வளவே.

கார்பெட் அளவை வாய்வார்த்தையாக வாங்காதீர்கள். ரெராவில் பதிவான திட்டம் என்றால் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, விற்பனை ஒப்பந்தத்திலும் அதே கார்பெட் அளவு இருக்கிறதா என்று சரிபாருங்கள். எட்டு வீட்டுக்கு மேல் போகாத சின்னக் கட்டடமாகவோ 500 சதுர மீட்டருக்கு மேல் போகாத மனையாகவோ இருந்தால் பதிவு கட்டாயமில்லை. அந்த இடத்தில் அங்கீகரித்த பிளானின் நகலும் ஓர் இரும்பு டேப்பும்தான் துணை.