டி.பி. என்று எழுதி எயாரில் அனுப்பினோம்: சாமானும் போனது, காசும் வரவில்லை

சுன்னாகத்தில் முருங்கை இலைத் தூளும் ஒடியல் மாவும் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். நானும் என் அண்ணியும் இன்னும் ஆறு பெண்களும் சேர்ந்த சின்ன வேலைத்தலம். எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் இப்போது வீட்டுக்கு வீடு இப்படி அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள், அவர்கள் இதை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

ஐரோப்பாவில் கடை வைத்திருக்கும் ஒருவர் எழுதினார். நம்மூர் ஆள், தமிழில்தான் பேசினார். மூன்று கிலோ சாம்பிள் கேட்டார். கூரியர் செலவு தன்னுடையது, தன் கணக்கு இலக்கத்தைப் போட்டு அனுப்புங்கள் என்றார். நான் பதில் எழுதினேன்: விலை எப்.ஓ.பி. கொழும்பு, அதாவது கொழும்பில் கப்பலில் ஏற்றும் வரைக்குமான விலை, முருங்கைத் தூள் கிலோ 9 யூரோ, ஒடியல் மா 5.50 யூரோ, காசு டி.பி. முறையில், அதாவது வாங்குபவர் தன் வங்கியில் காசைக் கட்டினால்தான் ஆவணங்கள் அவர் கைக்குப் போகும். சாம்பிள் கூரியர், எப்.ஓ.பி., டி.பி. என்ற இந்த மூன்றிலும் பிழை இருந்தது. எனக்கு அப்போது தெரியவில்லை.

சாம்பிள் பிடித்துவிட்டது என்றார். 150 கிலோ முருங்கைத் தூளும் 100 கிலோ ஒடியல் மாவும், மொத்தம் 1,900 யூரோவுக்கு ஓடர் வந்தது. அவசரம், எயாரில் வேண்டும், தன் ஏஜென்ட் கட்டுநாயக்காவில் பொறுப்பெடுப்பார் என்றார். விமானக் கூலி அவர் கட்டுகிறாராம். எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. லொறியில் கொழும்புக்கு அனுப்பி ஒப்படைத்தோம். இன்வொய்ஸ், பெக்கிங் லிஸ்ட், எயார்வே பில் எல்லாவற்றையும் எங்கள் வங்கியில் கொடுத்தோம். வங்கி அவருடைய வங்கிக்கு அனுப்பியது.

மூன்று வாரமாகியும் காசு இல்லை. வங்கிக்குப் போனேன். அந்தத் தம்பி கணினியைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஆவணம் அங்கை அப்படியே கிடக்குது. அவர் வந்து எடுக்கேல்லை" என்றார். "அப்ப சாமான் எங்கை?" என்று கேட்டேன். "அது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் காகிதத்தைத்தான் கையாளுறம், சாமானை இல்லை."

வங்கி வாசலில் நின்றே ஏஜென்டுக்கு அழைத்தேன். அவர் எயார்வே பில் இலக்கத்தைப் போட்டுப் பார்த்து, படத்தைத் தொலைபேசிக்கு அனுப்பினார். விமானம் ஏறிய நாலாம் நாளே பொருள் வாங்குபவரின் பெயரில் ஒப்படைக்கப்பட்டிருந்தது. கையெழுத்தும் இருந்தது. அவர் ஆவணங்களைத் தொடவே இல்லை. தொட வேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை.

இங்கேதான் எல்லாம் இருக்கிறது. கப்பலில் போகும் பில் ஒஃப் லேடிங் பொருளின் உரிமையைச் சுமக்கும் காகிதம். பெறுநர் இடத்தில் வாங்குபவரின் பெயரைப் போடாமல் டு ஓடர் என்று எழுதி அசல்கள் முழுவதையும் வங்கி வழியே அனுப்பினால், அசல் இல்லாமல் துறைமுகத்தில் பொருளை எடுக்க முடியாது. அதனால் டி.பி. அங்கே வேலை செய்கிறது. எயார்வே பில் அப்படியல்ல. அது அனுப்பியதற்கான பற்றுச்சீட்டு, போக்குவரத்து ஒப்பந்தம், அவ்வளவுதான். பெறுநர் என்று யார் பெயர் எழுதியிருக்கிறதோ, அவர் தான்தான் அந்த ஆள் என்று காட்டினால் பொருள் கிடைத்துவிடும். பெறுநர் பெயரில் அவரை எழுதியது நாங்கள்தான். வங்கியில் ஆவணங்கள் இருந்ததால் எந்தப் பயனும் இல்லை.

எப்.ஓ.பி. என்று எழுதியதும் இதற்கு வழிவிட்டது. சர்வதேச வர்த்தக விதிகளான இன்கோடேர்ம்ஸ் 2020-இல் எப்.ஓ.பி. கப்பலுக்கு மட்டும் உரியது, பொருள் கப்பலில் ஏறும் வரை நம் பொறுப்பு. எயாருக்கு எப்.சி.ஏ. என்றுதான் எழுத வேண்டும், அதில் வாங்குபவரின் ஏஜென்டிடம் குறித்த இடத்தில் ஒப்படைக்கும் வரை நம் பொறுப்பு. ஆனால் எழுத்தைத் திருத்துவது மட்டும் போதாது. இந்த இரண்டு முறையிலும் போக்குவரத்தை ஒழுங்குபண்ணுவது வாங்குபவர், ஆகவே ஏஜென்டும் அவருடைய ஆள். நாங்கள் ஏஜென்டைக் குறை சொல்லவில்லை, அவர் தன் வாடிக்கையாளர் சொன்னதைச் செய்தார். காசு வாங்கும் முன் பொருளையும் வண்டியையும் சேர்த்து வாங்குபவர் கையில் கொடுத்தது எங்கள் பிழை.

வாங்குபவரைக் கேட்டபோது, தூளில் ஈரம் ஏறியிருக்கிறது, பாதிக்கும் குறைவாகத்தான் தர முடியும் என்றார். ஒரு படம்கூட அனுப்பவில்லை. பிறகு தொலைபேசியே எடுக்கவில்லை. வங்கி ஆவணக் கட்டைத் திருப்பிக் கொடுத்தது. கிளிப் போட்டது போட்டபடியே இருந்தது, மேலே பணம் செலுத்தப்படவில்லை என்ற முத்திரை, கீழே கட்டணச் சீட்டு. 1,900 யூரோவுக்காக அங்கே ஒரு வழக்கறிஞரைப் பிடிப்பது எங்களால் முடிகிற காரியமல்ல. இலை ஆய்ந்து கொடுத்த பெண்களின் கூலியை அண்ணியின் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தோம்.

அதற்குள் கூரியர் நிறுவனத்திலிருந்து சாம்பிளுக்கான பில்லும் எங்கள் பெயருக்கு வந்தது. அவர் கொடுத்த கணக்கில் கட்டணம் ஏற்கப்படவில்லையாம். பெறுநர் கட்டாவிட்டால் அனுப்பியவரே கட்ட வேண்டும் என்று பற்றுச்சீட்டின் பின்பக்கத்திலேயே இருந்தது. இது பெரிய ஓடர் போவதற்கு முன்பே வந்திருந்தால் ஆளை அடையாளம் கண்டிருப்போம். ஆனால் அந்தப் பில் ஒன்றரை மாதம் பிந்தித்தான் வந்தது.

இப்போது நான் எழுதும் ஈமெயில் வேறு. சாம்பிள் 500 கிராம்தான், கூரியர் செலவு முன்கூட்டியே என் கணக்குக்கு வர வேண்டும், முதல் ஓடரில் அதைக் கழித்துவிடுவேன். ஐம்பது யூரோ அனுப்பத் தயங்குபவர் இரண்டாயிரம் அனுப்புவார் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. விலை எப்.சி.ஏ. கட்டுநாயக்க என்று எழுதுகிறேன். முதல் ஓடர் எயாரில் என்றால், பாதி ஓடரோடு, மீதி பொருளை ஒப்படைக்கும் முன், இரண்டும் வங்கி மாற்றாக. வாங்குபவரின் வங்கியே காசுக்குப் பொறுப்பேற்கும் எல்.சி. கேட்கலாம்தான், ஆனால் இந்த அளவு ஓடருக்கு வங்கிக் கட்டணமே லாபத்தைத் தின்றுவிடும். அவர் டி.பி. தான் வேண்டும் என்று நின்றால் கப்பலில், டு ஓடர் பில்லில், எல்லா அசல்களும் வங்கி வழியாக. "ஒரு அசலை மட்டும் நேரே அனுப்புங்கோ, டெமரேஜ் வராது" என்று, துறைமுகத் தாமதக் கட்டணத்தைக் காட்டிக் கேட்பார்கள், அதற்கும் சம்மதிக்கக் கூடாது, ஒரு அசலே போதும் பொருளை எடுக்க. எயாரில் டி.பி. செய்ய ஒரு வழி இருக்கிறது: பெறுநராக அவருடைய வங்கியைப் போடுவது. அதற்கு அந்த வங்கி முன்கூட்டியே எழுத்தில் சம்மதிக்க வேண்டும், கேட்காமல் போட்டால் வங்கி பொருளைக் கவனிக்கக் கடமைப்பட்டதல்ல. இலங்கை ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தில் காப்புறுதியும் கேட்டுப் பாருங்கள், ஆனால் பொருள் போவதற்கு முன்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டு இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று. எயார்வே பில்லில் அனுப்புபவருக்கென்று ஓர் அசல் பிரதி உண்டு. பொருள் போய்ச் சேர்ந்து பெறுநர் கேட்கும் வரை, அந்தப் பிரதியைக் காட்டி ஏஜென்ட் மூலம் நிறுத்தச் சொல்லலாம், திருப்பி எடுக்கலாம், பெறுநரை மாற்றலாம். செலவு உங்களுடையது. எங்களுக்கு அதற்கு மூன்று நாள் இருந்தது. அந்தப் பிரதி எங்கள் கோப்பிலேயே, பெக்கிங் லிஸ்டுக்குக் கீழே கிடந்தது.