திருச்செந்தூர்க் கடலும் என் தலைமுடியும்: ஆறு கோடைகளின் அனுபவம்

ஆறு வருடங்களாக மே மாதத்தில் மூன்று நாட்கள் திருச்செந்தூரில் தங்குகிறோம். காலையும் மாலையும் கடல் குளியல்தான். முதல் இரண்டு வருடங்களில் ஊர் திரும்பும்போது என் இடுப்பளவு முடி தேங்காய் நாராகியிருந்தது. நுனிகள் பிளந்து, வெயில் பட்ட மேல்பகுதி செம்பட்டையாகிவிட்டது.

மூன்றாவது வருடம் ஒன்றைக் கவனித்தேன். முதல் நாள் கடலில் மூழ்கியதும் வழக்கப்படி கோயிலருகே உள்ள நன்னீர்க் கிணறான நாழிக்கிணற்றின் நீரைத் தலையில் ஊற்றிக்கொண்டோம். அன்று முடி மென்மையாகவே இருந்தது. மறுநாள் கிணற்றுக்குப் போகாமல் மணலிலேயே உட்கார்ந்து உலர்த்தினோம். மாலையில் விரலை நுழைக்க முடியாத சிக்கு!

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஈரம் காயும்போது அது முடிமேல் படிகமாகத் தங்கிவிடுகிறது. அந்தச் சொரசொரப்போடு முடிகள் உரசும்போதும், சீப்பு போடும்போதும் மேல்தோல் செதில்கள் உரிகின்றன. அதனால் தலை காய்வதற்குள் அலசிவிட வேண்டும் என்பதே நான் கற்ற முதல் பாடம்.

இப்போது கடலுக்குப் புறப்பட அரைமணி நேரம் முன்பு, இரண்டு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயை முடியின் நடுப்பகுதியிலிருந்து நுனிவரை தடவுகிறேன். தண்ணீரில் இறங்கும் முன் இரண்டு குவளை நல்ல தண்ணீர் ஊற்றி நனைத்து, தளர்வாகப் பின்னிக்கொள்கிறேன். முன்பே நல்ல தண்ணீரில் ஊறிய முடி உப்பு நீரைக் குறைவாகவே இழுக்கிறது. ஐந்து லிட்டர் கேன் ஒன்று கரையில் காத்திருக்கும். ஏறியதும் பின்னலை அவிழ்த்து, மெல்ல ஊற்றிக் கையால் பிழிவேன். சீப்பு கூடவே கூடாது.

விடுதிக் குழாயை நம்பி ஒரு வருடம் ஏமாந்தேன். கடலோர ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் தண்ணீரே உப்பாக இருக்கும். ஷாம்பு நுரைக்காவிட்டால், வாயில் கரித்தால், கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீரே நல்லது. நாளுக்கு ஒருமுறை, இரவில் மட்டும் ஷாம்பு. அதுவும் உச்சந்தலைக்கு மட்டும். நுனிக்குக் கண்டிஷனர் தடவி மூன்று நிமிடம் விட்டு அலசி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்கிறேன்.

வெயிலை எண்ணெய் தடுக்கும் என்று நானும் நம்பியிருந்தேன். போதுமான அளவுக்குத் தடுப்பதில்லை. புற ஊதாக் கதிர் முடியின் புரதத்தையும் நிறமியையும் சிதைக்கிறது. அதற்குத் துணிதான் காப்பு. கரையேறியதும் பருத்தித் துண்டைக் கட்டிக்கொள்கிறேன். காலை பத்து மணிக்குமேல் வெயில் தணியும்வரை கடலில் இறங்குவதில்லை. கடந்த மூன்று வருடங்களாகச் செம்பட்டை குறைந்துவிட்டது. சாயம் பூசும் என் அக்காவுக்கு மட்டும் இத்தனை செய்தும் நிறம் ஓரளவு வெளுக்கிறது.

ஏற்கெனவே பிளந்த நுனியை எந்த எண்ணெயும் ஒட்டவைக்கவில்லை. பழைய சேதத்தை நான்கு விரற்கடை வெட்டித்தான் தீர்த்தேன்.