இரண்டு நாள் ஷூட், மூன்று கொட்டேஷன்

போன மாதம் ஒரு குறும்படத்துக்காக சனி, ஞாயிறு இரண்டு நாளும் சோனி எஃப்எக்ஸ்3 கேமரா தேவைப்பட்டது. வடபழனி, சாலிகிராமம் பக்கம் சுற்றி விசாரித்ததில் மூன்று கொட்டேஷன் தேறின. பெயர் சொல்லப்போவதில்லை, மூன்று விதமான இடங்கள் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, எல்லாவற்றையும் தனித்தனியாக வாடகைக்கு விடும் சின்னக் கடை. பாடி 2,800, 24-70 லென்ஸ் 1,200, ட்ரைபாட், கார்டு, பேட்டரி, என்டி ஃபில்டர் எல்லாம் சேர்ந்து 1,500, ஆக நாளுக்கு 5,500 ரூபாய், பில் கிடையாது. இரண்டாவது இடத்தில் அதே சாமான்களுடன் ஒரு 50 எம்எம் லென்ஸும் சேர்த்து பேக்கேஜாக நாளுக்கு 6,500, ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி, டெபாசிட் 25,000. மூன்றாவது இடத்தில் அட்டெண்டர் ஒருவரோடுதான் கேமராவே வெளியே வரும். நாளுக்கு 8,500, அவருக்கு பேட்டா 1,000, வண்டிச் செலவு, ஜிஎஸ்டி எல்லாம் நம் கணக்கு. டெபாசிட் வேண்டாம்.

முதல் கடைதான் மலிவு என்று முக்கால்வாசி முடிவு செய்துவிட்டேன். அப்புறம்தான் ஒரு கேள்வி தோன்றியது: ஒரு நாள் என்றால் உங்களுக்கு எத்தனை மணி நேரம்? அந்தக் கடையில் 24 மணி நேரம். வெள்ளி இரவு 8 மணிக்கு எடுத்தால் ஞாயிறு இரவு 8 மணிக்குள் திரும்ப வேண்டும், எங்களுக்கோ ஞாயிறு இரவுதான் கடைசிக் காட்சி. திங்கள் காலை கொண்டுபோனால் மூன்று நாள் வாடகை, 16,500. இரண்டாவது இடத்தில் வெள்ளி மாலை எடுத்து திங்கள் காலை 10 மணிக்குள் கொடுத்தால் இரண்டு நாள்தான், ஜிஎஸ்டியோடு 15,340. கூடுதல் விலை சொன்னவர்தான் கடைசியில் குறைவு! மூன்றாவது இடத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் போனால் ஓவர்டைம் தனி, அது இல்லாமலேயே போக்குவரத்தோடு 23,560 வந்தது.

டெபாசிட் விஷயத்தில் முதல் கடை கேட்டது ஒரிஜினல் ஆதார், கூடவே கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை. "சும்மா ஒரு நம்பிக்கைக்குத்தான் தம்பி" என்றார். எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. கையெழுத்துப் போட்டு நாமாகவே கொடுத்த காசோலையில் தொகையை வேறொருவர் நிரப்பினாலும், அது கடனுக்காகக் கொடுத்ததுதான் என்ற சட்ட அனுமானம் நிற்கும், இல்லை என்று நிரூபிப்பது கொடுத்தவர் பாடு என உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது. பணம் இல்லாமல் திரும்பினால் செக் மோசடி வழக்கு வரை போகலாம். காசோலை கொடுத்தே ஆக வேண்டும் என்றால் தொகையை நிரப்பி, எந்தச் சாமானுக்கான டெபாசிட் என்று தனித்தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஆதாருக்கு, கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைத்த பிரதி போதும்.

சரி, இரண்டாவது இடம் என்று முடிவானது. ஆனால் அவர்களுடைய ஒப்பந்தத் தாளில்தான் பெரிய குழி இருந்தது. "சேதமானால் ரிப்பேர் செலவும், பொருள் சரியாகி வரும்வரை நாள் வாடகையும் வாடிக்கையாளர் பொறுப்பு." படிக்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது, லென்ஸ் ரிப்பேரில் இருந்தால் அவர்களுக்கு வருமானம் போகிறது அல்லவா. ஆனால் எந்த வாடகை? 24-70 கீழே விழுந்து, பாகம் வர மூன்று வாரம் ஆகிறது என்று வையுங்கள். லென்ஸ் வாடகை மட்டும் என்றால், முதல் கடை சொன்ன 1,200 கணக்கில் 21 நாளுக்கு 25,200. பேக்கேஜ் வாடகை என்று அவர்கள் வாதாடினால் 1,36,500. ரிப்பேர் செலவு இதற்கு மேல். தாளில் எது என்று எழுதவே இல்லை!

கேட்டேன். அங்கே இருந்த அண்ணன் முதலில் "அப்படியெல்லாம் யார்கிட்டயும் வாங்கினதில்லைப்பா" என்றார். அப்படியானால் எழுதிவிடலாமே அண்ணே என்றேன். கொஞ்ச நேரம் இழுபறி. சேதமான பொருளின் வாடகை மட்டும், அதிலும் பாதி, அதிகபட்சம் ஏழு நாள் என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதாவது லென்ஸுக்கு 4,200க்கு மேல் போகாது. ரிப்பேர் மதிப்பீடு கம்பெனி சர்வீஸ் சென்டரிலிருந்து வர வேண்டும் என்றும், தொலைந்தால் எந்த விலையைக் கணக்கில் எடுப்பது என்பதற்கு ஒவ்வொரு பொருளுக்கும் நேரே ஒரு தொகையும் சேர்த்துக்கொண்டோம். பேசினால் நடக்கிறது, நம்மில் பாதிப் பேர் சாமானை எடுக்கும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவிடுகிறோம்.

வெள்ளி மாலை சோதிக்க முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். முதல் வேலை, பெட்டியைத் திறக்கும்போதே போனில் வீடியோ: சீரியல் எண், பாடியின் அடிப்பக்கம், லென்ஸின் முன்னும் பின்னும். அடுத்து, லென்ஸின் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். சென்னை ஈரப்பதத்தில் உள்ளே பூஞ்சை பிடித்திருந்தால் சிலந்தி வலை போல் தெரியும். அது இல்லை. ஆனால் சுவரில் செய்தித்தாளை ஒட்டி, கேமராவை ட்ரைபாடில் நேராக வைத்து, 24 எம்எம், எஃப் 2.8-இல் எடுத்தபோது இடது ஓர எழுத்துகள் தெளிவாக, வலது ஓரம் கலங்கலாக. இரண்டு ஓரமும் ஒரே அளவு கலங்கினால் அது அந்த லென்ஸின் இயல்பு என்று விடலாம். கேமரா நேராக இருந்தும் ஒரு பக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் எப்போதோ விழுந்து கண்ணாடி நகர்ந்த லென்ஸ். கேமராவைத் தலைகீழாகப் பிடித்து எடுத்தோம், இப்போது கலங்கல் படத்தில் அதே வலப்பக்கம், ஆனால் செய்தித்தாளின் இடது ஓரத்தில். தாளோ சுவரோ காரணம் இல்லை, லென்ஸ்தான். மறுபேச்சில்லாமல் வேறொன்று கொடுத்தார்கள்.

எஃப்எக்ஸ்3-இல் சோதிக்க வேண்டிய இன்னொரு பகுதியும் உண்டு, மேல் கைப்பிடி. எக்ஸ்எல்ஆர் மைக் சொருகும் துளைகள் அதில்தான் இருக்கின்றன, அது பாடியோடு சேரும் ஷூவின் தொடர்பு தேய்ந்திருந்தால் ஆடும்போது ஆடியோ விட்டுவிட்டு வரும். நம் மைக்கையே கொண்டுபோய் சொருகி, கைப்பிடியை லேசாக அசைத்துக்கொண்டே ஹெட்போனில் கேளுங்கள். மெனுவில் NTSC / PAL எதில் இருக்கிறது என்றும் ஒரு பார்வை, நம் ஊர் விளக்குக்கு 25 ஃபிரேம் வேண்டும் என்றால் PAL. ஷூட் அன்று காலை மாற்றப் போனால் கேமரா ரீஸ்டார்ட் ஆகும், கார்டை ஃபார்மட் செய்யச் சொல்லலாம், அது எடுத்து வைத்த கார்டாக இருந்தால் வயிறு கலங்கும்.

மூன்றாவது இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டேன். மழை, கடற்கரை, கூட்டம் என்றால் அங்கேதான் போவேன், ஏனென்றால் சாமான் அவர்கள் ஆளின் கண்ணெதிரிலேயே இருக்கும், யார் கையில் சேதமானது என்ற சண்டைக்கு வாய்ப்பு குறைவு. அட்டெண்டர் ஃபோகஸ் இழுப்பார் என்று மட்டும் எண்ணிக்கொள்ளாதீர்கள், பல இடங்களில் அது அவர் வேலை இல்லை.

திங்கள் காலை திருப்பிக் கொடுக்கும்போது வேறொரு பையன் இருந்தான். பாடியின் அடியில் ட்ரைபாட் துளைக்குப் பக்கத்தில் இருந்த கீறலைக் காட்டி "இது புதுசு சார்" என்றான். வெள்ளிக்கிழமை வீடியோவைத் தேடி அந்த இடத்தில் நிறுத்திக் காட்டினேன், கீறல் அங்கேயே இருந்தது. தலையைச் சொறிந்துகொண்டு ரசீது எழுதினான். டெபாசிட் 25,000 புதன்கிழமை மதியம் ஜிபேயில் வந்து சேர்ந்தது.