போர்வை ஓரத்துக்கு ஐ-கார்டு: பல துவையலுக்குப் பிறகு

குழந்தைப் போர்வை எல்லாமே நான் கார்ட்டர் ஸ்டிட்சில்தான் பின்னுவேன். சில வருடங்களாக ஓரத்துக்கு ஐ-கார்டு என்கிற மெல்லிய குழாய்ப் பின்னல் மட்டும்தான். சாதாரணமாக முடித்த போர்வையை மூலையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு நடக்கும் குழந்தையிடம் கொடுத்தால், ஓரம் நீண்டு அலை அலையாகிவிடும். ஐ-கார்டு போட்டவை இத்தனை துவையலுக்குப் பிறகும் உருண்டையாகவே நிற்கின்றன.

செய்முறை சின்னது. இடது ஊசியில் மூன்று கண்ணி புதிதாக ஏற்றுங்கள். இரண்டை நிட் போட்டு, மூன்றாவதையும் போர்வையின் அடுத்த கண்ணியையும் சேர்த்துப் பின்கால் வழியாக ஒன்றாக நிட் போடுங்கள். வலது ஊசிக்கு வந்த மூன்றையும் முறுக்காமல் இடது ஊசிக்கே மாற்றி, மறுபடியும் அதே. நூல் பின்னால் குறுக்கே ஓடி முதல் கண்ணிக்கு வருவதால்தான் பட்டை குழாயாகச் சுருள்கிறது. அதனால் முதல் கண்ணியைப் போட்டதும் நூலை ஒரு இழு இழுங்கள். விட்டால் பின்பக்கம் ஏணிபோல இடைவெளி தெரியும்.

நூல் எவ்வளவு ஒதுக்குவது? 120 கண்ணி, 240 வரி என்று வைத்துக்கொள்வோம். கார்ட்டரில் இரண்டு வரிக்கு ஒரு மேடு. பக்கவாட்டில் மேட்டுக்கு ஒரு கண்ணி எடுத்தால் அங்கேயும் 120. நாலு பக்கமும் 480. ஒவ்வொன்றுக்கும் மூன்று கண்ணி பின்னுவதால் 1,440, அதாவது 12 வரிக்கான நூல். உடலுக்கு 400 கிராம் பிடித்தால் ஓரத்துக்குச் சுமார் 20 கிராம். நான் 30 ஒதுக்கிவிடுவேன்.

மூலையில்தான் வேலை இருக்கிறது. மூலைக் கண்ணியைச் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும், போர்வையோடு சேர்க்காமல் கார்டை மட்டும் ஒரு வரி பின்ன வேண்டும். இல்லாவிட்டால் மூலை உள்பக்கமாக மடங்கிக்கொள்ளும். ஓரம் முழுக்கவே சுருங்குகிறதென்றால் ஊசியின் பருமன் போதவில்லை, 4 மி.மீ.-இல் பின்னிய போர்வைக்கு ஓரத்தை 4.5 அல்லது 5-இல் போடுகிறேன். இருபது கண்ணி முடிந்ததும் மேசையில் விரித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வேறு நிறத்தில் ஓரம் போட ஆசையா? அந்த நிறத்தில் முதலில் ஒரு வரி பின்னிவிடுங்கள். நேரடியாகத் தொடங்கினால் கார்டின் அடியில் பழைய நிறம் புள்ளி புள்ளியாக எட்டிப்பார்க்கும்.

ஸ்டாக்கினெட் போர்வை சுருளுவதை இது நிறுத்திவிடும் என்று நம்பி இறங்காதீர்கள். ஓரம் அழகாக இருக்கும், போர்வை சுருண்டுகொண்டுதான் இருக்கும். அப்புறம், கண்ணிகளை மாற்றி மாற்றிப் போடுவதில் நேரம் நிறையப் போகும். துவைத்தபின் கடைசியில் காய்வதும் இந்தக் கார்டுதான். கொடியிலிருந்து எடுக்கும்போது உடலைத் தொட்டுப் பார்த்து மடித்து வைக்காதீர்கள், ஓரத்தை நசுக்கிப் பாருங்கள்.